மூன்று வயதுக் குழந்தை மதியம் தூங்க மறுத்தால்: ஓய்வு நேரம் போதுமா, எப்படிப் பழக்குவது?

மதியச் சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் குழந்தை எழுந்து ஓடுகிறது. தட்டிக்கொடுத்தாலும் தூங்குவதில்லை, கதை சொன்னால் அடுத்த கதை கேட்கிறது. முக்கால் மணி நேரம் இப்படியே போராடி, கடைசியில் நமக்குத்தான் கண் சொருகுகிறது. இந்த நிலையில் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "தூங்காவிட்டால் பரவாயில்லை, சும்மா படுத்திருந்தால் போதுமா?"

முதலில் நேரான பதில். சும்மா படுத்திருப்பது தூக்கம் ஆகாது. தூக்கத்தில் மூளை செய்கிற வேலையை விழித்திருக்கும் மூளை செய்வதில்லை. 2013-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எந்தப் படம் எங்கே இருந்தது என்று காலையில் கற்றுக்கொண்ட குழந்தைகள், மதியம் தூங்கியபோது அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தூங்க விடாமல் விழித்திருக்க வைத்தபோது மறந்தார்கள். தினமும் மதியம் தூங்கிப் பழகிய குழந்தைகளிடம்தான் இந்த வித்தியாசம் அதிகம்.

அப்படியானால் ஓய்வு நேரத்தால் என்ன பயன்? இரண்டு பயன் உண்டு. உடம்புக்குத் தூக்கம் தேவைப்படுகிற நாளில் தூங்குவதற்கு அது வாய்ப்புக் கொடுக்கிறது. தேவைப்படாத நாளில் குழந்தைக்கும் பார்த்துக்கொள்கிறவருக்கும் இளைப்பாற இடம் கொடுக்கிறது. தூங்காமல் விட்ட அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தை ஈடுகட்ட வேண்டியது ராத்திரிதான். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். மதியத் தூக்கத்தை நிறுத்திவிட்டு, ராத்திரி பழையபடி பத்தரை மணிக்குப் படுக்க வைத்தால், குழந்தைக்குத் தினமும் கடன் ஏறிக்கொண்டே போகும்.

முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஒரு வாரத்துக்குப் பழைய நோட்டில் நான்கு விஷயம் மட்டும் குறியுங்கள். காலையில் எழுந்த நேரம், மதியம் தூங்கியிருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ராத்திரி கண் மூடிய நேரம், அப்புறம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை குழந்தை எப்படி இருந்தது. படுக்கப் போட்ட நேரத்தை எழுதாதீர்கள், தூங்கின நேரத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஓடியிருக்கலாம்.

மூன்று, நான்கு வயதில் மதியத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு நாளையும் கூட்டிப் பாருங்கள். பத்துக்குக் கீழே வருகிற நாள் எது என்று கவனியுங்கள். அநேகமாக அது மதியம் தூங்காத நாளாகத்தான் இருக்கும்.

நான்காவதாகச் சொன்ன சாயங்காலக் குறிப்பு முக்கியமானது. குழந்தைக்கு மதியத் தூக்கம் இன்னும் தேவையா, இல்லையா என்பதை மதியம் ஒரு மணிக்கு அது அடிக்கிற கூத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மூன்று வயதில் விளையாட்டை விட்டு வருவதற்கே மனம் வராது. உண்மையான தூக்கமும் அதில் மறைந்துவிடும். சாயங்காலம்தான் பதில் சொல்லும். தூங்காத நாளிலும் பொழுது சாய்கிற வரை முகம் தெளிவாக இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, தானாக விளையாடினால் அந்தக் குழந்தை மதியத் தூக்கத்தை விடத் தயாராகி வருகிறது. ஐந்து மணிக்கு மேல் ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து புரண்டு அழுகிறது, தட்டில் கை வைத்தபடி கண் சொருகுகிறது, நடந்துகொண்டே தடுக்கி விழுகிறது என்றால் இன்னும் தயாராகவில்லை.

இன்னொரு அடையாளம் வண்டி. அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து வருகிற குழந்தைக்குச் சாயங்காலம் கடைவீதிக்குப் போய்வருவதற்குள் தலை சாய்கிறதா என்று பாருங்கள். தூக்கம் பாக்கி இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அது ஆபத்தும்கூட. பிடி நழுவினால் தடுக்க முடியாது. தூங்காத நாட்களில் சாயங்கால வண்டிப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் தப்பினால் தூக்கமும் தப்பும்

மதியத் தூக்கம் வராததற்குப் பல வீடுகளில் காரணம் குழந்தையின் வயது இல்லை, கடிகாரம்தான். தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க உடம்பில் சேருகிற தூக்கத் தேவை. வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறுவதைப் போல அது மெல்ல நிறையும், தூங்கினால் வடியும். இன்னொன்று, பகல் வெளிச்சத்தை வைத்து ஓடுகிற உடம்புக் கடிகாரம். மதியம் ஒரு மணியை ஒட்டி அந்தக் கடிகாரம் தானாகவே கொஞ்சம் தளர்வு கொடுக்கும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் குழந்தை மறுபடியும் சுறுசுறுப்பாகிவிடும். அப்புறம் நாலு, நாலரைக்கு அசதி தாங்காமல் விழும். நாலரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தால் சேர்ந்ததெல்லாம் வடிந்துவிடும். ராத்திரி பதினொரு மணி வரை தூக்கம் வராது. காலையில் எழ நேரமாகும், அதனால் மறுநாள் மதியமும் தூக்கம் வராது. இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

அதனால் குழந்தை தூங்கவே மாட்டேன் என்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன், பத்து நாளாவது நேரத்தைச் சரியாக வைத்துப் பாருங்கள். காலையில் ஏழு மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். பத்து மணிக்குள் வெளியில் மண்ணில், வாசலில் ஓடி ஆட விட வேண்டும். 12 மணி வாக்கில் மதியச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் சாதமோ, தயிர் சோறோ, வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது. 12.45-க்குப் பாயில் இருக்க வேண்டும்.

டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நாலு மணி டீயில் வர்க்கியை நனைத்துக் குழந்தைக்கும் ஊட்டுவது பழக்கம். "ஒரு வாய் தானே" என்பார்கள். டீயிலும் காபியிலும் இருக்கிற காஃபின் பல மணி நேரம் உடம்பில் நிற்கும், சின்ன உடம்பில் அது இன்னும் அழுத்தமாக வேலை செய்யும். குழந்தைக்கு டீயே வேண்டாம், வர்க்கியைப் பாலில் நனைத்துக் கொடுங்கள்.

ஓய்வு நேரத்தைப் பழக்குவது

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குப் போகக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் பத்து நிமிடம் போதும், நீங்களும் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருங்கள். அது சச்சரவில்லாமல் நடந்தால் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நல்ல அளவு. அதற்கு மேல் இழுத்தால் அதுவே தண்டனை மாதிரி ஆகிவிடும்.

"தூங்கு" என்ற சொல்லை அந்த நேரத்தில் எடுக்கவே வேண்டாம். தூக்கம் யாருக்கும் சொல்லி வருவதில்லை. குழந்தையால் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாத ஒன்றைக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். "கண்ணு, தூங்க வேண்டாம். மணி அடிக்கிற வரைக்கும் பாயில இருந்தா போதும். பொம்மையோட மெதுவாப் பேசிக்கலாம்" என்று தினமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். குழந்தை செய்ய முடிந்ததை மட்டும் கேளுங்கள்: பாயில் இருப்பது, குரலைத் தாழ்த்துவது. இந்த இரண்டே விதிதான். பூச்சாண்டி வருவான், பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயந்த குழந்தை ராத்திரியும் தனியாகக் கண் மூடாது.

குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதால் முடிவுக்கு ஓர் அடையாளம் வேண்டும். அலாரம் அடிக்கிற சின்னக் கடிகாரம் போதும். அலாரம் அடித்ததும் நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், ஒரு நிமிடம் கூட நீட்டக் கூடாது. பாதியில் எழுந்து வந்தால் அதிகம் பேசாமல், திட்டாமல், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பாயில் விடுங்கள். முதல் வாரம் இது பத்துத் தடவை கூட நடக்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கம் சொன்னால், எழுந்து வருவதே ஒரு விளையாட்டாகிவிடும்.

அறை பாதி இருட்டாக இருந்தால் நல்லது. ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். சத்தத்தைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு அடுத்த அறையில் குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழுந்துகொள்கின்றன. ஒரே சீரான சத்தம் தொந்தரவு இல்லை. வாசலில் யாராவது கூப்பிடுவது, போன் மணி, டிவி சீரியல் இவைதான் கெடுக்கும். ஓய்வு நேரம் என்பது வீடு முழுக்க ஓய்வாக இருந்தால்தான் நடக்கும். ஆசாரத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கையில் உள்ளறையில் குழந்தை எப்படிப் படுத்திருக்கும்?

ஒரு சின்னக் கூடையில் இந்த நேரத்துக்கென்றே மூன்று நான்கு பொருள் எடுத்து வையுங்கள். துணிப் பொம்மை, தடித்த அட்டைப் படப் புத்தகம், மரச் சொப்பு, பெரிய கட்டைகள். மற்ற நேரத்தில் கூடையைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை பொருளை மாற்றுங்கள். செல்போன் வேண்டாம். இந்த வயதில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைவிட முக்கியமாக, வரவிருந்த தூக்கத்தைத் திரை விரட்டிவிடும். குழந்தை அசையாமல் இருப்பதைப் பார்த்து ஓய்வு என்று நினைத்துக்கொள்வோம். பாட்டோ கதையோ கேட்க வேண்டுமென்றால், போனைத் தூரமாகக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேட்கவிடலாம்.

பாதுகாப்பில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூளி கட்டியிருக்கிற அறையில் மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக விடக் கூடாது. குழந்தை தானே ஏறிச் சுற்றி ஆடும்போது சேலை முறுக்கிக் கழுத்தில் இறுகிவிடும். ஓய்வு நேரத்துக்கு முன் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மணி, நாணயம், புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டன் பேட்டரி போட்ட பொம்மை எதுவும் கூடையில் வேண்டாம். டேபிள் ஃபேன், சுவரில் பொருத்தாத பீரோ இரண்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தாமல் பாதி திறந்து வையுங்கள், குழந்தையின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவுக்கு மூன்று வயது மூன்று மாதம். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு வர எட்டரை மணி ஆகும். பகலில் ஆத்தாதான் பார்த்துக்கொள்கிறார். மதியம் தூங்க வைக்க முடியவில்லை என்பதுதான் புகார்.

நோட்டில் கூட்டிப் பார்த்தபோது இப்படி இருந்தது. ராத்திரி தூங்குவது 10.30, எழுவது 7.15. அதாவது எட்டே முக்கால் மணி நேரம். மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்குப் படுக்கப் போட்டால் தூங்குவதில்லை. வாரத்தில் சில நாள் நாலு மணிக்கு அசந்து ஐந்தே முக்கால் வரை தூங்குவாள், அன்றைக்கு மொத்தம் பத்தரை. மற்ற நாட்களில் வெறும் எட்டே முக்கால்தான். அந்த நாட்களில் பொழுதோடு அழுகை, அடம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது எல்லாம் எழுதியிருந்தது. இவள் தூக்கம் தேவைப்படாத குழந்தை இல்லை, தூக்கம் பற்றாத குழந்தை.

மாற்றியது இவ்வளவுதான். காலை 6.45-க்கு எழுப்பினார்கள். முதல் சில நாள் சிணுங்கினாள். 12 மணிக்குச் சாப்பாடு, 12.45-க்குப் பாய். 1.15-க்குள் தூங்கிவிட்டால் 2.15-க்கு எழுப்பிவிட வேண்டும், அதற்கு மேல் விடக் கூடாது. அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கம். 9 முதல் 6.45 வரை ஒன்பதே முக்கால், மதியம் ஒன்று, மொத்தம் பத்தே முக்கால். அரை மணி நேரத்தில் தூங்கவில்லை என்றால் கூடையை எடுத்துக் கொடுத்து 1.45 வரை ஓய்வு நேரம். அன்றைக்கு ஆறரைக்கே சாப்பாடு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், எட்டு மணிக்குள் தூக்கம். அதுவும் கூட்டினால் பத்தே முக்கால். தூங்கின நாளும் தூங்காத நாளும் ஒரே மொத்தத்துக்கு வந்துவிடுகின்றன. நான் மேலே சொன்ன ஈடுகட்டல் இதுதான்.

இதில் கஷ்டம் எங்கே வந்தது என்றால், அம்மாவிடம். "எட்டு மணிக்குத் தூங்கிட்டா நான் எப்பங்க அவளப் பார்க்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, சுலபமான பதில் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிற ஒருவருக்குக் குழந்தையின் முகம் பார்க்காமல் படுப்பது பெரிய விஷயம். தினமும் காலை ஆறே முக்காலிலிருந்து வேலைக்குக் கிளம்புகிற வரை பாப்பா அம்மாவிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். தலை வாரிப் பூ வைப்பது, இட்லி ஊட்டுவது எல்லாம் அம்மா கையால். அந்த நேரத்தில் அடுப்படியை ஆத்தா பார்த்துக்கொண்டார். மதியம் தூங்கின நாட்களில் ராத்திரி தூங்க வைப்பதும் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமையிலும் எழுகிற நேரம் மாறவில்லை.

ஆத்தாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "அம்மிணி, தூங்கற புள்ளைய எழுப்பலாமா, பாவமில்லையா?" என்றார். ஒரு மணி நேரத்தில் எழுப்புவது முதலில் மனதுக்கு ஒப்பாதுதான். ஜன்னல் வேட்டியை விலக்கி வெளிச்சம் விட்டு, முதுகைத் தடவி, மெல்லப் பேசினால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். எழுந்ததும் சிடுசிடுப்பாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர், ஒரு வாழைப்பழம், மடியில் சிறிது நேரம். விட்டுவிட்டால் அந்தத் தூக்கம் ராத்திரிக் கணக்கில் கழிந்துவிடும்.

மூன்று வாரத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் பாப்பா தானாகவே 1.15-க்குள் தூங்க ஆரம்பித்தாள். மற்ற நாட்களில் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஓய்வு நேரத்தை முடித்துவிடுவாள். இந்த வயதில் இப்படி ஒரு நாள் தூங்குவதும் ஒரு நாள் தூங்காததும் மாதக்கணக்கில் நடக்கும். பெரும்பாலான குழந்தைகள் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் மதியத் தூக்கத்தை விடுகிறார்கள், ஒரே நாளில் விடுவதில்லை.

திட்டம் தவறுகிற நாட்கள்

ஓய்வு நேரத்தில் தூங்கவில்லை, ஆனால் மூன்றரைக்குக் கண் சொருகுகிறது என்றால் இருபது நிமிடம் தூங்கவிட்டு எழுப்புங்கள். நாலரைக்கு மேல் என்றால் தூங்கவிடாமல் தாண்ட வைப்பதே நல்லது. வாசலில் தண்ணீர் விளையாட்டு, சீக்கிரமாகக் குளியல், ஆறு மணிக்கே சோறு, ஏழு அல்லது ஏழரைக்குப் படுக்கை. அவ்வளவு சீக்கிரம் படுத்தால் நடுராத்திரி எழுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காலை வரை தூங்கும்.

அங்கன்வாடிக்குப் போகிற குழந்தை என்றால், அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுக்க வைப்பார்கள். வீட்டில் தூங்காத குழந்தை மற்ற பிள்ளைகளைப் பார்த்து அங்கே இரண்டு மணி நேரம் தூங்குவது சகஜம். ராத்திரி பத்தரை வரை விழித்திருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். கூட்டிவரும்போது எத்தனை மணி வரை தூங்கினாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடச் சொல்லுங்கள்.

ராத்திரித் தூக்கம் நிறைந்து, தூங்காத நாளிலும் சாயங்காலம் தெளிவாகவே இருக்கிற நிலை தொடர்ந்து ஒரு மாதம் வந்தால் மதியத் தூக்கத்துக்காக இனி முயற்சி வேண்டாம். ஓய்வு நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எல்கேஜி சேர்கிற வரை.

சில விஷயங்களுக்கு நேர மாற்றம் மருந்தில்லை. பெரும்பாலான ராத்திரிகளில் சத்தமாகக் குறட்டை, வாயைத் திறந்தே மூச்சு விடுவது, தூக்கத்தில் மூச்சு ஒரு கணம் நின்று திணறி வருவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீங்கியிருக்கலாம். படுத்ததும் காலை ஓயாமல் உதறிக்கொண்டே இருக்கிற, முகம் வெளுத்திருக்கிற குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். பதினொரு மணி நேரம் தூங்கியும் பகல் முழுக்கச் சோர்ந்து கிடக்கிற குழந்தையையும் காட்டத்தான் வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். என்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.